ஒரு பைக்கு ரெண்டு டம்ளர்

போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் போய் இருளாயி என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சம்பளப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். ஒயர் கம்பெனி கேன்டீனில் டீ அக்கா என்று கேட்டால் மட்டும் இருநூற்று நாற்பது பேர் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்த இருநூற்று நாற்பது பேரும் நாளுக்கு இரண்டு தடவை அவள் முன்னால் வரிசையில் நின்றவர்கள். அவள் எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று விசாரிக்கப் போனால் ஒரு கை விரலுக்குக்கூட ஆள் தேறாது. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பகுதி பகுதியாக விடுகிற டீ பிரேக் ஆளுக்குப் பத்தே நிமிஷம். அதற்குள் கையைக் கழுவி, வரிசையில் நின்று, டீயைக் குடித்து, திரும்பி மெஷினுக்கு ஓட வேண்டும்.

பரமக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் இங்கே செக்யூரிட்டி வேலைக்கு வந்தபோது கூட வந்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஊருக்குத் திரும்பிப் போனால் தம்பி வீட்டில் ஒரு மூலை கிடைக்கும், அந்த மூலையில் தம்பி பெண்டாட்டியின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு இதுவே தேவலாம் என்று லைன் வீட்டு ஒற்றை ரூமிலேயே தங்கிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி டீ முடிந்து கேட்டை விட்டு வெளியே வந்தால், திங்கட்கிழமை காலை வரைக்கும் அவளிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். பக்கத்து ரூமில் நாராயணம்மா இருக்கிறாள், களையெடுக்கக் கூலிக்குப் போகிறவள். அவள் தெலுங்கு. தமிழும் பேசுவாள், பாதிக்குப் பாதி கலந்து. எனக்கு அவ பேச்சு விளங்காது என்பது இருளாயியின் சாக்கு. நான்கு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளின் பேச்சு விளங்கவில்லை என்றால் அது காதின் கோளாறு இல்லை, மனசின் வீம்பு. தண்ணீர் வந்தால் குடத்தை நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டிக்கொள்வார்கள். அதோடு சரி.

ஆகவே அவளுக்கு அந்த டீ டிரம்மின் குழாய்தான் எல்லாமும். எவர்சில்வர் டிரம், அடியில் திருகு குழாய், பதினெட்டு லிட்டர் பிடிக்கும். காலை பத்து மணிக்கு அதன் பின்னால் நின்றால் போதும்.

"அக்கா, கொஞ்சம் கம்மியா." இது மணிவேல். பாரூர்க்காரன். வீட்டில் நெல்லும் கரும்பும் இருக்கிறது, பைக்கில் வந்து போகிறான். அவனுக்கு எப்போதும் முக்கால் கப்.

"அக்கா, ஆத்திக் குடுங்க." இது திருமலை. ஏதோ பல்லில் கோளாறு, சூடு ஆகாது.

"அக்கா, ஆடை வேணாம்." இது ரேவதி. டிரம் டீயில் ஆடை ஏது? ஆனாலும் தினமும் சொல்லுவாள். இருளாயியும் தினமும், "இல்லத்தா, இல்லத்தா" என்று பதில் சொல்லுவாள். ஒரு நாளைக்கு அவள் பேசுகிற பேச்சில் பாதி இந்த ஆடைப் பேச்சுதான்.

டீ போடுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. பதினோரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, தூளைப் போட்டு, நாலு நிமிஷம் கொதித்ததும் துணியில் வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய ஏழு லிட்டர் பாலை ஊற்றுவாள். தூளுக்கு அளவு அவளுடைய டம்ளர். புருஷன் தண்ணீர் குடித்த பெரிய எவர்சில்வர் டம்ளர் அது. தலை தட்டி இரண்டு டம்ளர். ஒரு தடவை கம்பெனி, விலை உசந்த டீ என்று நீள இலையாக வாங்கிப் போட்டது. அன்றைக்கும் அதே இரண்டு டம்ளர்தான் போட்டாள், டீ சாயம் போன தண்ணியாக வந்தது. இலை பொம்மென்று டம்ளரை அடைத்துக்கொள்ளும், எடை நிற்காது. சாறும் மெல்லத்தான் இறங்கும். பொடித்தூள் கனமாக உட்காரும், சட்டென்று இறங்கும். அடுத்த நாள் இலையை மூன்றரை டம்ளர் போட்டு, இன்னும் இரண்டு நிமிஷம் கூட வைத்துச் சரிபண்ணினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த டம்ளரை அவள் கேன்டீனில் வைத்துவிட்டுப் போக மாட்டாள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, முந்தானையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். ராத்திரி ஷிப்டுக்கு டீ போடுகிற சுஜாதா இதனால் கையில் கிடைத்ததை எடுத்து அள்ளிப் போடுவாள். ஒரு நாள் கடுங்கசப்பு, ஒரு நாள் வெந்நீர். "அக்கா, அந்த டம்ளர விட்டுட்டுப் போங்களேன்" என்று சுஜாதா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். "அது எங்க வீட்டு டம்ளரு" என்று சொல்லிவிட்டாள் இருளாயி. நியாயமான பதில்தான். ஆனால் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அது நியாயமில்லை.

அந்த சந்தோஷத்துக்கு விலை வந்தது. பகல் டீ ஒரு மாதிரி, ராத்திரி டீ ஒரு மாதிரி என்று புகார்ப் பெட்டியில் சீட்டு சேர்ந்துகொண்டே போனது. போதாக்குறைக்கு வடிகட்டின சக்கை சிங்க்கில் போய் அடைத்துக்கொண்டு, வெளியிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஆபீசிலிருந்து நிர்மலா மேடம் இறங்கி வந்தார். கேன்டீன் சூப்பர்வைசர் ஜெகதீஷ் பின்னாலேயே ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓசூர்க்காரன், வீட்டில் கன்னடம். முப்பது வயசு இருக்கும்.

"இனிமே தூள் வேண்டாம்," என்றார் நிர்மலா. "டீ பேக். அளவு ஒரே மாதிரி இருக்கும், சக்கையும் இல்ல. வர்ற வாரம் டிரம்லயே போட்டுப் பாருங்க. சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். சரி வரலன்னா வெந்நீர் மெஷின் வச்சிடலாம். அவங்கவங்க கப்புல அவங்கவங்க பேக்கப் போட்டுக்கட்டும். பால் பொடி, சர்க்கரை எல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டா பக்கத்துல வச்சிட்டாப் போச்சு."

"அப்ப டீ டேபிளு?" என்று கேட்டாள் இருளாயி.

"டேபிள் எதுக்கு? உங்கள பின்னாடி பாத்திரம் கழுவுற இடத்துக்கு மாத்திக்கலாம். சம்பளம் அதேதான், பயப்படாதீங்க."

பயந்தது சம்பளத்துக்கு இல்லை. அதை அந்த மேடத்துக்கு எப்படிச் சொல்வது? பாத்திரம் கழுவுகிற இடம் பின்கட்டில் இருக்கிறது. தட்டு வருவதற்கு மட்டும் சுவரில் ஒரு சதுர ஓட்டை. தட்டு வரும், கை வரும், முகம் வராது. அங்கே போனால் சனிக்கிழமை சாயங்காலம் தொடங்குகிற மௌனம் திங்கட்கிழமையும் தீராது.

திங்கட்கிழமை காலை ஜெகதீஷ் பெட்டியைப் பிரித்து, அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "ஒரு பேக், ஒரு கப்பு. இருநூத்தி நாப்பது பேரு, இருநூத்தி நாப்பது பேக்கு. கணக்கு ஈசிக்கா."

"நெறையத் தெரியுதேய்யா," என்றாள்.

"அட்டையில போட்டிருக்குக்கா. அவங்களுக்குத் தெரியாதா?"

டிரம்மில் சூடான தண்ணீர், பால், சர்க்கரை எல்லாம் முன்னமே கலந்து வைத்திருந்தது. அதன் தலையில் இருநூற்று நாற்பது பைகளையும் கொட்டினார்கள், நூலும் வாலுமாக. மேலே பொதபொதவென்று மிதந்தது. நூலெல்லாம் ஒன்றோடு ஒன்று சிக்கி, பைகள் ஒரே உருண்டையாகத் திரண்டுகொண்டன. வெளியே இருந்த பைகள் நனைந்தன, நடுவில் இருந்தவை உலர்ந்தே கிடந்தன. பத்து மணிக்கு முதல் ஆளுக்குக் குழாயைத் திருப்பினால் வெளுத்த பால் வந்தது. பாதி வரிசை போவதற்குள் குழாயில் ஒரு பை வந்து அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக நின்றது. கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தார்கள். அந்தக் கலக்கலில் உருண்டை பிரிந்து எல்லாம் ஊற ஆரம்பித்தது. கடைசி நாற்பது பேருக்குப் போனது டீ இல்லை, நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு.

"என்னாக்கா இது?" என்றான் மணிவேல். அவன் அன்றைக்குக் கம்மியா என்று கேட்கவில்லை. கொடுத்ததையே கீழே வைத்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை, ஆரம்பத்திலேயே கலக்கி விடலாம் என்று ஜெகதீஷ் யோசனை சொன்னான். கலக்கினார்கள். நாலைந்து பைகள் கிழிந்து தூள் கப்பில் வந்தது. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் கசப்பு, நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறிக்கொண்டே போனது. யாரும் பையைக் குற்றம் சொல்லவில்லை. குழாய்க்குப் பின்னால் நிற்கிறவள்தானே கண்ணுக்குத் தெரிகிறாள். ரேவதி ஆடையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இருளாயிக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு வேலை முடிந்ததும் ஜெகதீஷிடம் கேட்டு ஒரே ஒரு டீ பேக் வாங்கிக்கொண்டு ரூமுக்கு வந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை பேருக்கு டீ போடுகிறவள் தன் ரூமில் டீ போட்டுக் குடித்ததில்லை. புருஷன் போன புதிதில் முயன்று பார்த்தாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு தூள் என்று கைக்குப் பிடிபடவில்லை. கைக்குத் தெரிந்தது இரண்டு டம்ளர், அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. சிட்டிகை போட்டால் வெந்நீர், ஸ்பூன் போட்டால் கஷாயம். ஒருத்திக்கு எதுக்கு இந்தப் பாடு என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்தப் பையைச் சின்ன டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். கேன்டீன் பேப்பர் கப் அளவுதான் அந்த டம்ளரும், ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிக்கொண்டது. செவ்வாய்க்கிழமைக் கசப்பு அப்படியே. பையை எடுத்துப் போட்டுவிட்டு, டீயைச் சட்டியில் கவிழ்த்தாள். கொஞ்சம் வெந்நீர் சேர்த்தாள். குடித்துப் பார்த்தாள். கொஞ்சம் பால் சேர்த்தாள். குடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பால். அப்போதுதான் அவளுடைய பழைய நிறம் வந்தது, பத்து மணி டீயின் நிறம்.

டம்ளரில் ஊற்றினாள். நிறைந்தது. சட்டியில் இன்னும் இருந்தது. இன்னொரு டம்ளரை எடுத்து ஊற்றினாள். அதுவும் நிறைந்தது.

ஒரு பைக்கு ரெண்டு டம்ளர். அட்டைக்காரன் சொன்ன கப் வேறு, இந்தக் கம்பெனிக்காரன் கொடுக்கிற கப் வேறு. இவ்வளவுதான் விஷயம். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. திரும்பிப் பார்த்தாள். சுவரில் புருஷன் போட்டோ, கொடியில் ஒரு புடவை, அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர். முதல் டம்ளரைக் குடித்தாள், நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது டம்ளரைக் குடிக்கத் தோன்றவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை. அது ஆறி, மேலே ரேவதி பயப்படுகிற ஆடை படிந்து, மறுநாள் காலை வரைக்கும் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றாள், பார்த்துக்கொண்டே படுத்தாள். மனுஷருக்குத் தனிமை எத்தனை பெரியது என்று அளக்க வேறு அளவு வேண்டாம், அந்த ஒரு டம்ளர் போதும்.

புதன்கிழமை சீக்கிரமே போனாள். சமையல்காரி வெள்ளையம்மா மசாலா நிறுக்கிற தராசை வாங்கி, பத்துப் பைகளை வெட்டித் தூளைக் கொட்டி நிறுத்தாள். இருபது கிராம். தன் கைப்பையிலிருந்து டம்ளரை எடுத்து, பழைய தூளைத் தலை தட்டி இரண்டு தடவை அளந்து நிறுத்தாள். இருநூற்று இருபது.

"இந்தாருய்யா," என்று ஜெகதீஷைக் கூப்பிட்டாள். "ஒரு பையில ரெண்டு கிராமு. எரநூத்தி நாப்பது பை போட்டா எம்புட்டு? நானூத்தி எம்பது. நான் போட்டது எரநூத்தி இருவது. ரெட்டைக்கு மேல கொட்டிட்டு, கசக்காம இனிக்கவா செய்யும்?"

ஜெகதீஷ் அட்டையை எடுத்து மறுபடி பார்த்தான். ஒரு கப்புக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் நூற்றைம்பது மில்லி என்று போட்டிருந்தது. பேப்பர் கப்பைக் கவிழ்த்து அடியில் பார்த்தான். எழுபத்தைந்து. "அய்யோ," என்றான், மெல்ல. "அப்ப நூத்தி இருபது போதும்."

"நூத்தி இருவது போடு. இருவது கிராம் கூடத்தான் வருது, வரட்டும். தூள நான் கொதிக்க விடுவேன், பைய கொதிக்க விட்டாக் கிழியும். ஊறத்தான் வைக்கணும். அதுக்கு அந்த இருவது கிராம் சரியாப் போகும்."

பைகளைப் பத்துப் பத்தாக நூலைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். பன்னிரண்டு கொத்து. வாலில் இருந்த காகிதத்தை எல்லாம் கிள்ளி எறிந்தாள். நீளக் கரண்டிக் காம்பில் கொத்துகளை வரிசையாகக் கட்டினாள். பால் சேராத வெறும் தண்ணீர், பதினோரு லிட்டர், தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, காம்பைக் குறுக்கே வைத்து எல்லாக் கொத்தையும் உள்ளே முக்கினாள். மூடி போட்டு ஐந்து நிமிஷம். ஜெகதீஷ் போனில் நேரம் பார்த்தான். காம்பைத் தூக்கினாள், கொத்துகள் சொட்டி முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிழிஞ்சி விடலாமாக்கா?"

"பிழியாத. பிழிஞ்சா கசப்புத்தான் எறங்கும்."

அப்புறம்தான் காய்ச்சிய பாலும் சர்க்கரையும். டிரம்முக்குள் பை ஒன்றும் இல்லை, ஆகவே முதல் ஆளுக்குப் போன டீயே கடைசி ஆளுக்கும் போனது. மணிவேல் ஒரு வாய் குடித்தான். "அக்கா, வந்துடுச்சு," என்றான். ரேவதி ஆடை வேணாம் என்றாள். இல்லத்தா, இல்லத்தா, இல்லவே இல்லத்தா என்றாள் இருளாயி.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒரு புகார் இல்லை. சனிக்கிழமை நிர்மலா மேடம் வந்து வரிசையின் தொடக்கத்தில் ஒரு கப், முடிவில் ஒரு கப் வாங்கிக் குடித்தார். "ஒரே மாதிரி இருக்கே," என்றார். வெந்நீர் மெஷின் வேண்டாம், டேபிள் இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அன்று மதியம் ஜெகதீஷ் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். "அக்கா, உக்காருங்க. எப்படிப் போட்டீங்கன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க, எழுதிக்கறேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். டம்ளரை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போன பெண்ணுக்கு யோசிக்கத் தெரியாதா என்ன? ஆனால் ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, சொல்லுங்க என்று சொல்லி எத்தனை வருஷமாயிற்று. அவள் சொன்னாள். பத்துப் பத்தாகக் கட்டுவதைச் சொன்னாள். ஐந்து நிமிஷத்தைச் சொன்னாள். பாலை முன்னால் ஊற்றினால் தண்ணீர் சூடு தணிந்து சாயம் இறங்காது என்று சொன்னாள். ஆள் குறைந்தால் இரண்டு கப்புக்கு ஒரு பையைக் குறை என்று சொன்னாள். பெரிய கப் வந்தால் என்ன செய்வது என்று அவன் கேட்காமலே சொன்னாள். நீள இலை வந்த கதையைச் சொன்னாள், புருஷன் டம்ளர் கதையைச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும், "ம், சொல்லுங்கக்கா" என்றான். அரை மணி நேரம். அத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் அவளிடம் யாரும் பேசியதில்லை. அன்றைக்கு ரூமுக்கு நடந்து போகும்போது கால் தரையில் பாவவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் சொன்னதெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தது. தண்ணீர் பதினோரு லிட்டர், பை நூற்றி இருபது, நேரம் ஐந்து நிமிஷம், பிழியக் கூடாது. பெருமையாகத்தான் இருந்தது. சுஜாதா அதைப் பார்த்து ராத்திரிக்கும் அதே டீ போட்டுவிட்டாள். அந்த மாசம் முடிந்து ஒண்ணாம் தேதி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாள் வந்தது. இனி டீ டேபிள் சுற்று முறை. பகலுக்குச் சுஜாதா. இருளாயிக்குப் பாத்திரம்.

"யார் வேணா போடலாம்ல இப்ப," என்றான் ஜெகதீஷ். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "உங்களுக்கும் நின்னு நின்னு கால் வலிக்குமே. ஆறு மாசத்துல திரும்ப உங்க முறை வந்துடும்க்கா."

கையில் இருந்ததை அவளே பிரித்து, எண்ணி, அரை மணி நேரப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் ஏமாற்றவில்லை. அவள் பேச்சுக்கு ஏங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

பின்கட்டில் முதல் நாள். பத்து மணிக்கு வரிசை நிற்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. இருளாயி குழாயை அடைத்துவிட்டு, கையில் சோப்பு நுரையோடு ஓட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். டீ அக்கா எங்க என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தாள். மணிவேலாவது கேட்பான்.

மணிவேலின் குரல் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் கம்மியா."

சுஜாதாவிடம் சொன்னான். அதே குரல், அதே இழுப்பு. கொஞ்ச நேரம் கழித்து ரேவதி, "அக்கா, ஆடை வேணாம்" என்றாள். இல்லப்பா என்றாள் சுஜாதா, சிரித்துக்கொண்டே.

இத்தனை நாளும் அவர்கள் பேசியது குழாயோடுதான். அதன் பின்னால் யார் நின்றாலும் அக்காதான். இது தெரிந்தபோது இருளாயிக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. நெஞ்சு மட்டும் அப்படியே காலியாகிவிட்டது. கண்ணைத் துடைக்கப் போய் சோப்புக் கை பட்டு எரிந்தது. எரிச்சலுக்கும் அழுகைக்கும் ஒரே தண்ணீர்தான், அதனால் பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு சுஜாதா மிச்சம் இருந்த டீயில் ஒரு கப் கொண்டுவந்து ஓட்டை வழியாக நீட்டினாள். இருளாயி குடித்துப் பார்த்தாள். மோசமாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் குடித்தாள். சரியாக இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், இருபத்தைந்து பை உள்ள ஒரு சின்ன டீ பேக் பெட்டி வாங்கி வந்தாள். எதற்கு வாங்கினாள் என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு ஆளுக்கு அளவு தெரியாதவளுக்கு அளவு போட்டே விற்கிறான், சரி, இனிமேல் நாமும் ஒரு டீ குடித்துப் பார்ப்போம் என்று நினைத்திருக்கலாம். சாயங்காலம் தண்ணீர் கொதித்தது, பை ஊறியது, பாலும் சர்க்கரையும் சேர்த்தாள். ஒரு டம்ளர் நிறைந்தது. சட்டியில் இன்னொரு டம்ளர் இருந்தது.

பையைப் பாதியாக வெட்டிப் போட்டால் ஒரு டம்ளரோடு முடிந்துவிடும். அந்த யோசனையும் வந்தது. தூளைத் துணியில் முடிந்துகொள்ளலாம், கஷ்டமில்லை. அப்படியே சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாராயணம்மா யாரிடமோ போனில் பேசி முடித்து, பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

இருளாயி இரண்டாவது டம்ளரில் டீயை ஊற்றினாள். முந்தானையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்து ரூம் கதவை விரல் கணுவால் தட்டினாள். தட்டிவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்றும் பார்த்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

நாராயணம்மா டம்ளரைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். "ஏமம்மா? தண்ணி வந்துச்சா?"

"தண்ணி வரல," என்றாள் இருளாயி. அப்புறம் உண்மையையே சொன்னாள். "ஒரு பைக்கு ரெண்டு டம்ளர் வருது. நான் ஒருத்திதான் இருக்கேன். கொட்ட மனசு வரல."

நாராயணம்மா டம்ளரை வாங்கி, நிலைப்படியிலேயே உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள். இருளாயி நின்றுகொண்டே இருந்தாள். சனிக்கிழமை வரிசையில் மேடம் குடித்தபோதுகூட இவ்வளவு பதறவில்லை.

"பாகுந்தி, நல்லாருக்கு," என்றாள் நாராயணம்மா. இன்னொரு வாய் குடித்தாள். "சக்கரை ஜாஸ்தி. நாளைக்கு எனக்குக் கம்மியா போடு, இருளாயி."

தன் பெயர் இந்தப் பக்கத்து ரூம்காரிக்கு எப்படித் தெரிந்தது? நாலு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், தெரியாமலா இருக்கும். இருளாயி தன் டம்ளரை எடுத்துவர உள்ளே போனாள்.